மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் குறைவாக இறந்தார்கள். அப்படியானால் மாத்திரைதான் காரணமா?

கேள்வி: "மருந்தியல் முதுகலை படிக்கிறேன். ஒரு மருத்துவமனையின் ஐந்து ஆண்டுப் பதிவேட்டை வைத்து ஆய்வு செய்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறப்பு, விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களைவிடப் பாதிதான். பி-மதிப்பு 0.001-க்கும் கீழே. வயது, பாலினம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்த பிறகும் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. மாத்திரைதான் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதலாம்தானே? என் வழிகாட்டி 'தொடர்பு வேறு, காரணம் வேறு' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை."

உங்கள் கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் எவ்வளவு வேறுபட்டார்கள் என்று உங்கள் தரவு சொல்கிறது. அதே ஆட்கள் வேறு மாதிரி சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே நீங்கள் எழுத விரும்பும் வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை நான் வாதமாகச் சொல்வதைவிட, உங்கள் ஆய்வின் அச்சு அசலான முன்னோடி ஒன்றைக் காட்டுவது நல்லது. மருந்துச் சோதனைத் தரவுகளோடு பல ஆண்டுகள் வேலை செய்ததில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் படிக்கச் சொல்வது இதைத்தான்.

1966-இல் அமெரிக்காவில் 'கொரோனரி டிரக் ப்ராஜெக்ட்' என்ற பெரிய சோதனை தொடங்கியது. ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்த, 30 முதல் 64 வயதுள்ள 8,341 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். கொழுப்பைக் குறைத்தால் அடுத்த மாரடைப்பையும் மரணத்தையும் தள்ளிப்போட முடியுமா என்பது கேள்வி. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போலச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். 1,103 பேருக்குக் குளோஃபைப்ரேட் என்ற மருந்து கிடைத்தது. 2,789 பேருக்கு மருந்தே இல்லாத, பால் சர்க்கரை அடைத்த போலி மாத்திரை. மற்றவர்களுக்கு வேறு மருந்துகள். அவை இங்கே வேண்டாம்.

நோயாளிகள் கொடுத்த மாத்திரையில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையும் குறித்துவைத்தார்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்கள் 'ஒழுங்கானவர்கள்', அதற்குக் குறைந்தவர்கள் 'ஒழுங்கற்றவர்கள்'. இப்போது குளோஃபைப்ரேட் குழுவை மட்டும் பாருங்கள். ஒழுங்கான 708 பேரில் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 15.0 சதவீதம். ஒழுங்கற்ற 357 பேரில் 24.6 சதவீதம். பி-மதிப்பு 0.00011. உங்கள் பதிவேட்டில் நீங்கள் பார்த்ததும் இதே வடிவம்தான்: அதே வகை மருந்து, அதே வகை ஒப்பீடு, அதே மாதிரி சின்ன பி-மதிப்பு. இந்தக் குழு மட்டுமே கையில் இருந்திருந்தால், குளோஃபைப்ரேட்டை ஒழுங்காகச் சாப்பிடுவது நூற்றுக்குப் பத்து உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று யாரும் எழுதியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஆய்வாளர்களிடம் இன்னொரு குழு இருந்தது. போலி மாத்திரைக் குழுவிலும் அதே கணக்கைப் போட்டார்கள். பால் சர்க்கரையை ஒழுங்காகச் சாப்பிட்ட 1,813 பேரில் இறப்பு 15.1 சதவீதம். அதையே விட்டுவிட்டுச் சாப்பிட்ட 882 பேரில் சுமார் 28 சதவீதம். வித்தியாசம் மருந்துக் குழுவில் இருந்ததைவிடப் பெரியது. பி-மதிப்போ இன்னும் மிகச் சிறியது. புள்ளிக்குப் பிறகு பதினைந்து பூஜ்யங்கள் வரும். 1980-இல் இது வெளியானது. குலுக்கலில் பிரித்த இரண்டு முழுக் குழுக்களையும், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்க்காமல் அப்படியே ஒப்பிட்டால், ஐந்து ஆண்டு இறப்பு மருந்துக்கு 20.0 சதவீதம், போலி மாத்திரைக்கு 20.9 சதவீதம். அதாவது மருந்தால் இறப்பு குறைந்தது என்று சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை.

பால் சர்க்கரை மாரடைப்பைத் தடுக்காது. ஆகவே அந்தப் பதின்மூன்று சதவீதப் புள்ளி வித்தியாசம் மாத்திரைக்கு உள்ளே இருந்து வரவில்லை. மாத்திரையைச் சாப்பிட்ட ஆட்களிடமிருந்து வந்தது. இது உறுதி. அந்த ஆட்களிடம் சரியாக எது, எவ்வளவு பங்கு என்பது அவ்வளவு உறுதியில்லை. அதை ஊகிக்க முடியும், ஓரளவு சோதிக்கவும் முடியும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்பது கையில் பிடிபடும். 1,000 நோயாளிகள். மாத்திரைக்கு எந்தப் பலனும் கிடையாது என்று நாமே வைத்துக்கொள்வோம். 400 பேர் உள்ளுக்குள் நலிந்தவர்கள்: இதயம் பலவீனம், பசியில்லை, மனச்சோர்வு. இவர்களில் 40 சதவீதம் பேர், மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், ஐந்து ஆண்டுக்குள் இறந்துவிடுவார்கள். மீதி 600 பேர் திடமானவர்கள். அவர்களில் 10 சதவீதம். நலிந்தவர்களுக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடுவது கஷ்டம், பாதிப் பேர்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். திடமானவர்களில் 80 சதவீதம் பேர் ஒழுங்கு.

இப்போது எண்ணுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 200 நலிந்தவர்களும் 480 திடமானவர்களும் சேர்ந்து 680 பேர். இறந்தவர்கள் 80-ம் 48-ம் சேர்ந்து 128, அதாவது 18.8 சதவீதம். ஒழுங்கற்றவர்கள் 200 நலிந்தவர்களும் 120 திடமானவர்களும், மொத்தம் 320. இறந்தவர்கள் 80-ம் 12-ம் சேர்ந்து 92, அதாவது 28.8 சதவீதம். ஒருவரைக்கூடக் காப்பாற்றாத மாத்திரைக்குப் பத்து சதவீதப் புள்ளி நற்பெயர் கிடைத்துவிட்டது. நலிவு என்ற ஒன்று இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறது: அது மாத்திரையையும் நிறுத்தவைக்கிறது, உயிரையும் எடுக்கிறது. தரவில் நமக்குத் தெரிவது அதன் இரண்டு விளைவுகள் மட்டுமே. அந்த இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தோன்றுகிறது.

பி-மதிப்பு இங்கே உதவாததன் காரணமும் இதுதான். இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாக வந்திருக்குமா என்ற ஒரு சந்தேகத்துக்குத்தான் அது பதில் சொல்லும். மேலே உள்ள கற்பனைக் கணக்கில் வித்தியாசம் தற்செயல் அல்ல, நிஜம். மாத்திரையால் வந்ததல்ல, அவ்வளவுதான். நோயாளிகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் பி-மதிப்பு இன்னும் சிறுத்துப்போகும், ஆனால் தவறான முடிவு தவறாகவே இருக்கும்.

நீங்கள் அட்ஜஸ்ட் செய்ததைப் பற்றி. அது செய்ய வேண்டிய வேலைதான். மேலே சொன்ன கணக்கில் நலிந்தவர்களைத் தனியாகவும் திடமானவர்களைத் தனியாகவும் ஒப்பிட்டால், மாத்திரையின் பொய்யான பலன் முழுவதும் மறைந்துவிடும். ஆனால் அதற்கு நலிவு உங்கள் பதிவேட்டில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். 400 நலிந்தவர்களில் பாதிப் பேரை மட்டும் மருத்துவர் நலிந்தவர் என்று குறித்தார், மற்ற 200 பேர் பார்வைக்குத் திடமானவர்களாகவே தெரிந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'திடமானவர்' என்று குறிக்கப்பட்ட 800 பேருக்குள் ஒழுங்கானவர்கள் 580 பேர், இறப்பு 88, அதாவது 15.2 சதவீதம். ஒழுங்கற்றவர்கள் 220 பேர், இறப்பு 52, அதாவது 23.6 சதவீதம். அட்ஜஸ்ட் செய்த பிறகும் எட்டு சதவீதப் புள்ளி மிஞ்சுகிறது. 'அட்ஜஸ்ட் செய்தும் நிற்கிறது' என்பது மாத்திரைக்கான சான்று அல்ல. நாம் அளக்காததும் அரைகுறையாக அளந்ததும் அப்படியே நிற்கும்.

கொரோனரி டிரக் ப்ராஜெக்டிலும் இதுதான் நடந்தது. சேரும்போதே பதிவான 40 விஷயங்களை அட்ஜஸ்ட் செய்து பார்த்தார்கள். உங்கள் நான்கோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய பட்டியல். அப்படியும் போலி மாத்திரைக் குழுவில் 16.4 சதவீதத்துக்கும் 25.8 சதவீதத்துக்கும் இடையே வித்தியாசம் நின்றது. வெகுகாலம் இதை வைத்தே, அளக்க முடியாத ஏதோ ஒன்று எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும் என்று பாடம் நடத்தினார்கள். 2016-இல் அதே தரவை மறுபடி எடுத்து, சேரும்போது இருந்த நிலையை மட்டுமல்லாமல், ஆண்டுகள் போகப் போக ஒவ்வொருவரின் உடல்நிலை எப்படி மாறியது என்பதையும் கணக்கில் சேர்த்து ஆராய்ந்தார்கள். அப்போது வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. சோதனையின் நடுவில் உடல் மோசமாகி, அதனால் மாத்திரையைக் குறைத்தவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும் என்பதே இதற்கு நான் கொடுக்கும் விளக்கம். மாத்திரையை விட்டதால் சாவு வரவில்லை; சாவை நோக்கிப் போனதால் மாத்திரை விடுபட்டது. காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. உங்கள் பதிவேட்டில் வயதையும் புகைப்பழக்கத்தையும் முதல் நாளில் மட்டும்தானே குறித்திருப்பார்கள்? அப்படியானால் இந்தத் திசைமாற்றத்தை உங்கள் அட்ஜஸ்ட்மென்ட் தொடக்கூட முடியாது.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை உடனே சரிபாருங்கள். ஒருவர் 'ஒழுங்கானவர்' என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? ஐந்து ஆண்டில் வாங்கிய மொத்த மாத்திரையை ஐந்து ஆண்டு நாட்களால் வகுத்திருந்தால், இரண்டாம் ஆண்டு முடிவில் இறந்தவர் அதுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டிருந்தாலும் அவருக்கு 40 சதவீதம்தான் வரும். அவர் தானாகவே 'ஒழுங்கற்றவர்' பக்கம் போய் விழுவார். இறந்தவர்களையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் இறப்பு அதிகம் என்று சொல்வதாகிவிடும். பதிவேட்டை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாதி அளவு என்ற உங்கள் பெரிய வித்தியாசத்தில் இதற்குப் பங்கிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் சூத்திரத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. தீர்வு எளிது. முதல் ஆண்டில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் வைத்துப் பிரியுங்கள். முதல் ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகான இறப்புகளை எண்ணுங்கள். வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். உடல் மோசமானதால் விட்டவர்களின் பாதிப்பும் இதில் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது.

அடுத்தது, உங்களிடம் போலி மாத்திரைக் குழு இல்லை. ஆனால் அதன் வேலையைக் கொஞ்சம் செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. கொழுப்பு மாத்திரை எந்த வகையிலும் மாற்ற முடியாத ஒரு விளைவைத் தேர்ந்தெடுத்து, அதிலும் ஒழுங்கானவர்களும் ஒழுங்கற்றவர்களும் வேறுபடுகிறார்களா என்று பார்ப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து நோயாளிகளை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் செய்தது. ஸ்டேட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குச் சாலை விபத்துகளும் வேலையிடத்து விபத்துகளும் ஏறக்குறைய கால்பங்கு குறைவாக இருந்தன. ஸ்டேட்டின் வண்டி மோதுவதைத் தடுக்காது. மாத்திரையை மறக்காதவர் மற்ற விஷயங்களிலும் கவனமானவராகவே இருக்கிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. உங்கள் பதிவேட்டில் விபத்துக்காக அனுமதிக்கப்பட்டவர்களின் விவரம் இருந்தால் அதே கணக்கை ஓட்டுங்கள். அங்கேயும் வித்தியாசம் வந்தால், இறப்பில் நீங்கள் கண்டதில் ஒரு பகுதி ஆட்களின் வித்தியாசம் என்பது உங்கள் சொந்தத் தரவிலிருந்தே தெரிந்துவிடும். வராவிட்டால் கொஞ்சம் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான். விபத்துகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் வித்தியாசம் இருந்தும் கண்ணில் படாமல் போகலாம்.

ஒரு விஷயத்தில் தவறான புரிதல் வந்துவிடக் கூடாது. ஸ்டேட்டின் போன்ற மருந்துகள் மாரடைப்பைக் குறைக்கின்றன என்பது பல பெரிய குலுக்கல் சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்த அறிவு சோதனைகளிலிருந்து வந்தது, உங்கள் ஒப்பீட்டிலிருந்து வரவில்லை என்பதே நான் சொல்வது. ஒழுங்காகச் சாப்பிடுவதால் ஒன்றுமே மாறாது என்பதும் உண்மையல்ல. 2006-இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும், போலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும், ஒழுங்கற்றவர்களோடு ஒப்பிட்ட இறப்பு வாய்ப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 0.55 அளவில் இருந்தது. ஆனால் பின்னால் தீங்கானது என்று தெரியவந்த மருந்துகளில் நிலைமை தலைகீழ்: ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். மருந்துக்கு நிஜமான விளைவு உண்டு. நன்மை செய்யும் மருந்தில் அந்த விளைவு, ஒழுங்கான ஆட்களின் இயல்பான நலத்தோடு கலந்து மறைந்துவிடுகிறது. உங்கள் பதிவேட்டில் அந்தக் கலவையில் மாத்திரையின் பங்கு கால்வாசியா, முக்கால்வாசியா என்பதை இப்போது இருக்கும் தரவை வைத்து என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆய்வேட்டில் எழுதும்போது, 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட நோயாளிகளில் இறப்பு குறைவாக இருந்தது; இந்த வித்தியாசத்தில் மருந்தின் பங்கையும் நோயாளிகளின் உடல்நிலை, பழக்கங்கள் ஆகியவற்றின் பங்கையும் இந்த ஆய்வால் பிரிக்க இயலவில்லை' என்று எழுதலாம். முதல் ஆண்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கையும் விபத்துக் கணக்கையும் அதற்கு அடுத்துத் தாருங்கள், முடிவு எந்தப் பக்கம் வந்தாலும். இன்னும் ஒரு படி போக முடியுமா என்று உங்கள் மருத்துவமனையின் மருந்தகத்தில் கேளுங்கள்: இடையில் சில மாதங்கள் இந்த மாத்திரை இருப்பு இல்லாமல் போனதுண்டா? இருந்தால், அந்த மாதங்களில் மாத்திரை விடுபட்டது நோயாளியின் உடல்நிலையாலோ குணத்தாலோ அல்ல. கவனமானவரும் கவனமில்லாதவரும் ஒன்றாகவே விட்டிருப்பார்கள். குலுக்கலுக்கு அருகில் வரக்கூடிய ஒப்பீடு உங்கள் பதிவேட்டில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருப்பு இல்லாத மாதங்களில் வசதியுள்ளவர்கள் வெளிக்கடையில் வாங்கியிருப்பார்களா என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.